மேக் மடிக்கணினியில் அழிபட்ட கோப்புகளை உள்ளக ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்டெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டேன். பேக்கப் தட்டு வீட்டில் இருக்கிறது, நான் அலுவலகத்தில் இருக்கிறேன். இனி ஏதாவது வழி உண்டா?

பெரும்பாலும் உண்டு. அதற்கு மூன்று விடயங்கள் பொருந்தி வர வேண்டும். அந்த மடிக்கணினியில் மேக்ஓஎஸ்ஸின் பேக்கப் வசதியான டைம் மெஷின் எப்போதோ ஒரு தட்டுடன் அமைக்கப்பட்டுத் தானியங்கி முறையில் விடப்பட்டிருக்க வேண்டும். அழித்து 24 மணிநேரம் கடந்திருக்கக் கூடாது. அதற்குள் உள்தட்டு நிரம்பி வழியும் நிலைக்குப் போயிருக்கக் கூடாது. மூன்றும் பொருந்தினால், நீங்கள் தேடும் கோப்புகள் வீட்டிலுள்ள பேக்கப் தட்டில் மட்டுமல்ல, உங்கள் மடியிலிருக்கும் கணினிக்குள்ளேயே ஏறத்தாழ மணிக்கொரு பிரதியாக இருக்கும். வெள்ளவத்தைக்குத் திரும்பிப்போய் தட்டை எடுத்துவர வேண்டியதில்லை. காலி வீதி நெரிசலில் செலவாகும் நேரத்தில் வேலையே முடிந்துவிடும்.

நான் இந்தக் கணினியில் எந்தப் பிரதியும் எடுத்து வைத்ததாக நினைவில்லையே, அது எங்கிருந்து வந்தது?

நீங்கள் எடுக்கவில்லை, டைம் மெஷின் எடுத்தது. வெளித்தட்டு பொருத்தப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், அது ஏறத்தாழ மணிக்கு ஒருமுறை உள்தட்டின் அந்த நேரத்து நிலையை ஒரு ஸ்னாப்ஷாட்டாகக் குறித்து வைக்கிறது. ஒவ்வொன்றும் 24 மணிநேரம் வரை வைத்திருக்கப்படும். இவற்றுக்கு மேலதிகமாக, வெளித்தட்டுக்குக் கடைசியாக வெற்றிகரமாகப் பேக்கப் எடுத்த நேரத்தின் ஸ்னாப்ஷாட் ஒன்றும், இடம் தேவைப்படும் வரை தங்கியிருக்கும்.

இதைச் சாத்தியமாக்குவது 2017இல் மேக்ஓஎஸ் ஹை சியராவுடன் மேக் கணினிகளுக்கு வந்த ஏபிஎஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை. அதில் ஒரு கோப்பை நீங்கள் மாற்றும்போது பழைய தரவின் மீது புதியது எழுதப்படுவதில்லை; புதியது வேறோர் இடத்தில் எழுதப்பட்டு, கோப்பின் பதிவு அந்தப் புதிய இடத்தைக் காட்டும்படி மாற்றப்படுகிறது. ஸ்னாப்ஷாட் எடுப்பதென்பது, அந்தக் கணத்தில் பயன்பாட்டிலிருக்கும் தரவுத் துண்டுகள் எதையும் விடுவிக்க வேண்டாம் என்று குறித்து வைப்பதுதான். அதனால் ஒரு ஸ்னாப்ஷாட்டை எடுக்க ஓரிரு விநாடி போதும், எடுக்கும்போது இடமும் ஏறக்குறையப் பிடிக்காது. பிறகு நீங்கள் ஒரு கோப்பை அழிக்கும்போது கோப்புறைப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கிவிடும். தரவு மட்டும் ஸ்னாப்ஷாட்டின் பிடியில் அப்படியே கிடக்கும்.

பலரைக் குழப்பும் ஒரு காட்சிக்கும் இதுவே காரணம். தட்டு நிரம்பிவிட்டதென்று 40 ஜிகாபைட் வீடியோக்களை அழித்துக் குப்பைத்தொட்டியையும் காலி செய்வீர்கள். ஆனால் டெர்மினலில் `df -h /System/Volumes/Data` என்று கேட்டால் காலியிடம் அசைந்திருக்காது. ஃபைண்டரோ இடம் கூடிவிட்டதாகக் காட்டும், ஏனெனில் வேண்டியபோது விடுவிக்கக்கூடிய இடத்தையும் அது காலியிடமாகவே கணக்கிடுகிறது. இந்த இரண்டு எண்களும் பெரிதாக வேறுபட்டால் கவலைப்பட வேண்டாம்; அழித்தவற்றை ஸ்னாப்ஷாட்டுகள் இன்னும் பிடித்து வைத்திருக்கின்றன என்பதற்கு அது நல்ல அறிகுறி.

அழிந்ததைக் கண்டுபிடித்தவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

செய்யாமல் விட வேண்டியவையே அதிகம். முதலாவதாக, டைம் மெஷினின் தானியங்கிப் பேக்கப்பை நிறுத்தாதீர்கள். "புதிய பேக்கப் பழையதை அழித்துவிடுமோ" என்ற பயத்தில் பலர் முதலில் செய்வது இதைத்தான். ஆனால் தானியங்கிப் பேக்கப்பை நிறுத்தினால் சில நிமிடங்களில் உள்ளக ஸ்னாப்ஷாட்டுகள் நீக்கப்பட்டுவிடலாம். அவற்றை வேண்டுமென்றே நீக்குவதற்குச் சொல்லப்பட்டு வந்த வழியே இதுதான்.

இரண்டாவதாக, தட்டில் பெரிதாக எதையும் எழுதாதீர்கள். காலியிடம் குறையும்போது மேக்ஓஎஸ் உங்களிடம் கேட்காமலேயே ஸ்னாப்ஷாட்டுகளை நீக்கி இடம் எடுத்துக்கொள்ளும். ஆகவே திரைப்படத்தையோ மேக்ஓஎஸ் புதுப்பிப்பையோ அந்த நேரத்தில் தரவிறக்க வேண்டாம். இணையத்தில் தேடி முதலில் கண்ணில் படும் மீட்பு மென்பொருளையும் நிறுவ வேண்டாம்.

மூன்றாவதாக, "நாளைக்குப் பார்க்கலாம்" என்று கணினியை மூடி வைக்காதீர்கள். அணைத்து வைத்தால் காலம் நின்றுவிடாது. ஸ்னாப்ஷாட்டின் வயது கடிகாரத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இதே நிலையில் தன் மடிக்கணினியை ஒரு கடையில் கொடுத்தார். கடையில் அது மூன்று நாள் வரிசையில் காத்திருந்தது. என் கைக்கு வந்தபோது பட்டியலில் இருந்ததெல்லாம் அன்று காலையில் எடுக்கப்பட்ட ஸ்னாப்ஷாட்டுகள் மட்டுமே, அழித்த நாளுக்குரியது ஒன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை. முதல் நாள் மாலையில் உட்கார்ந்திருந்தால் கால்மணி நேர வேலை.

கணினியை மீளத் தொடக்குவதால் ஸ்னாப்ஷாட் அழியாது. தவறுதலாகச் செய்துவிட்டால் பதற்றம் வேண்டாம்.

என் கணினியில் ஸ்னாப்ஷாட் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

டெர்மினலைத் திறந்து இந்த ஒரு வரியைக் கொடுங்கள்.

```
tmutil listlocalsnapshots /
```

`com.apple.TimeMachine.` என்று தொடங்கி `.local` என்று முடியும் பெயர்கள் வந்தால் அவை நமக்குரியவை. நடுவில் இருப்பது ஆண்டு, மாதம், நாள், பிறகு மணி நிமிடம் விநாடி. `com.apple.os.update` என்று தொடங்குபவை கண்ணில் பட்டால் அவை மேக்ஓஎஸ் புதுப்பிப்புக்காக எடுக்கப்பட்டவை. அவற்றைத் தொட வேண்டாம்.

கட்டளை வரி பிடிக்காதவர்கள் மேக்ஓஎஸ் மொன்டரே முதல் டிஸ்க் யூட்டிலிட்டியிலேயே பார்க்கலாம். இடது பக்கத்தில் `Data` வொல்யூமைத் தெரிவுசெய்து, `View` மெனுவில் `Show APFS Snapshots` என்பதை அழுத்தினால் கீழே பட்டியல் விரியும். அங்கே ஒரு கழித்தல் குறியும் இருக்கும். அது ஸ்னாப்ஷாட்டை நீக்கும் பொத்தான் என்பதால் விரல் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெர்மினல் எல்லாம் எனக்கு வராது. டைம் மெஷின் திரையிலேயே எடுக்க முடியாதா?

முடியும்; ஒன்றிரண்டு கோப்புகளுக்கு அதுவே போதுமானது. அழிந்த கோப்பு எந்தக் கோப்புறைக்குள் இருந்ததோ அந்தக் கோப்புறையை முதலில் ஃபைண்டரில் திறந்துகொண்டு, மேற்பட்டையிலுள்ள டைம் மெஷின் குறியீட்டில் `Browse Time Machine Backups` என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பழைய பதிப்புகளில் அது `Enter Time Machine` என்றிருக்கும். வலது ஓரத்திலுள்ள கோடுகளில் அழித்த நேரத்துக்குச் சற்று முந்தியதைத் தெரிந்து, கோப்பைக் குறித்து, `Restore` என்பதை அழுத்தினால் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

இரண்டு இடங்களில் இந்த வழி கைகொடுப்பதில்லை. வெளித்தட்டு பொருத்தப்படாதபோது அதிலுள்ள பேக்கப்புகளும் மங்கலான கோடுகளாக அதே வரிசையில் நிற்பதால், எது இப்போது திறக்கும், எது திறக்காது என்று தடுமாற நேரிடும். அத்தோடு, நூற்றுக்கணக்கான கோப்புகள் கொண்ட ஒரு கோப்புறையை மீட்டபின் எல்லாம் முழுமையாக வந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் திரையில் வசதியில்லை. அத்தகைய வேலைக்கு ஸ்னாப்ஷாட்டை நேரடியாக மவுண்ட் செய்து, அதாவது ஒரு கோப்புறை போலத் திறந்துகொண்டு, பிரதியெடுப்பதே என் வழக்கம்.

மவுண்ட் செய்து எடுப்பதை ஓர் உண்மை நிகழ்வை வைத்துக் காட்ட முடியுமா?

2025 மார்ச் 12, புதன்கிழமை. வெள்ளவத்தையில் பக்க வடிவமைப்புச் செய்யும் ஒரு சிறிய அலுவலகம். ஒரு கோவிலின் கும்பாபிஷேக மலர் அச்சுக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தது. வடிவமைப்பவர் பிற்பகல் 2.20 அளவில் `Documents` கோப்புறையைத் துப்புரவு செய்யும்போது, பழைய மலரின் கோப்புறை என்று நினைத்து நடப்பு மலரின் கோப்புறையை ஆப்ஷன், கமாண்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி அழித்துவிட்டார். இந்த மூன்று விசைகளும் சேர்ந்தால் கோப்பு குப்பைத்தொட்டிக்குப் போகாமல் நேராகவே நீங்கிவிடும்; "நிச்சயமா" என்று கணினி கேட்டதற்கு ஆம் என்றும் சொல்லியிருக்கிறார். நான்கு மணிக்குத்தான் தெரியவந்தது. கோப்புறையில் 418 கோப்புகள், மொத்தம் 6.2 ஜிகாபைட்.

பட்டியலைக் கேட்டபோது அன்றைய நாளுக்கு இவை வந்தன.

```
com.apple.TimeMachine.2025-03-12-094107.local
com.apple.TimeMachine.2025-03-12-104233.local
com.apple.TimeMachine.2025-03-12-134119.local
com.apple.TimeMachine.2025-03-12-144256.local
com.apple.TimeMachine.2025-03-12-154402.local
```

காலை 10.42க்கும் பிற்பகல் 1.41க்கும் நடுவே மூன்று மணிநேர இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். அந்த நேரத்தில் மடிக்கணினி மூடப்பட்டு, பையில் கோவில் சபையாரிடம் போய்வந்தது. தூங்கும் கணினி ஸ்னாப்ஷாட் எடுக்கவில்லை. 2.42இலும் 3.44இலும் எடுக்கப்பட்டவை அழித்த பிறகு எடுக்கப்பட்டவை, அவற்றில் கோப்புறை இருக்காது. ஆகவே நமக்குரியது 1.41க்கு எடுத்தது. புதியதுதான் நல்லது என்று கடைசி ஸ்னாப்ஷாட்டைத் திறந்து பார்த்து, "ஒன்றுமில்லை" என்று கைவிட்டவர்களைக் கண்டிருக்கிறேன். வேண்டியது அழித்த நேரத்துக்கு முந்தியவற்றுள் புதியது.

அடுத்து, ஒரு வெற்றுக் கோப்புறையை உண்டாக்கி, ஸ்னாப்ஷாட்டை அதில் மவுண்ட் செய்தோம்.

```
mkdir /tmp/snap
sudo mount_apfs -s com.apple.TimeMachine.2025-03-12-134119.local /System/Volumes/Data /tmp/snap
```

`sudo` நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். தட்டச்சு செய்யும்போது திரையில் புள்ளிகூட வராது; விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாமல் முழுவதையும் தட்டி என்டரை அழுத்த வேண்டும். `/System/Volumes/Data` என்று எழுதுவதற்குக் காரணம், 2019இல் வந்த கட்டலினா முதல் மேக்ஓஎஸ் தன் முறைமைக் கோப்புகளை ஒரு வொல்யூமிலும் நம்முடைய கோப்புகளை `Data` என்ற வேறொரு வொல்யூமிலும் வைத்திருப்பதுதான். கட்டளை எதுவும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போனால் வெற்றி என்று பொருள். ஸ்னாப்ஷாட் வாசிப்பதற்கு மட்டுமே திறக்கும். உள்ளே போய் எதையும் கெடுத்துவிட முடியாது என்பதால் தாராளமாக நடமாடலாம்.

```
ls /tmp/snap/Users/office/Documents
```

வந்த பட்டியலில் மலர் என்ற சொல்லே இல்லை. ஒரு கணம் எல்லோர் முகமும் வாடிவிட்டது. பிறகுதான் `kyu; 2025` என்றொரு பெயர் கண்ணில் பட்டது. எங்களூர் அச்சு வேலையில் இன்னும் பாமினி எழுத்துருவில் வரும் ஆவணங்கள் ஏராளம். அத்தகைய ஓர் ஆவணத்திலிருந்து தலைப்பை ஒட்டிப் பெயர் வைத்ததால், பாமினியில் "மலர்" என்று தெரிவது ஃபைண்டரில் `kyu;` என்று நின்றது. வடிவமைப்பவருக்கு அது கண்பழகிய பெயர், எனக்கு அப்படியில்லை.

இதில் வேடிக்கைக்கு அப்பால் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளியாக வரும் அரைப்புள்ளி, டெர்மினலுக்கு "இந்தக் கட்டளை இங்கே முடிந்தது" என்ற குறி. பெயரை அப்படியே தட்டினால் கட்டளை பாதியில் முறிந்து, மீதிப் பாதி இன்னொரு கட்டளையாக ஓட முயலும். ஆகவே பாதை முழுவதையும் ஒற்றை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். யுனிகோடு தமிழில் பெயர் இருந்தாலும் அதில் இடைவெளி இருக்கக்கூடும் என்பதால் இதே பழக்கம் நல்லது. அல்லது `open /tmp/snap` என்று கொடுத்து ஃபைண்டரில் திறந்து, கோப்புறையை டெர்மினல் சாளரத்தின் மேல் இழுத்து விட்டால் சரியான பாதையை அதுவே எழுதிக்கொள்ளும்.

```
ditto '/tmp/snap/Users/office/Documents/kyu; 2025' ~/Desktop/meetpu
```

`ditto` கோப்புகளின் திகதிகளையும் அனுமதிகளையும் சேர்த்தே பிரதியெடுக்கும். இதற்கு முன் `df -h` கொடுத்து 6.2 ஜிகாபைட்டைவிட நிறையவே இடம் இருப்பதை உறுதிசெய்துகொண்டோம். மீட்ட பிரதிக்கும் புதிதாக இடம் வேண்டும். அந்த இடம் இல்லாமல் தட்டு நிரம்பத் தொடங்கினால் ஸ்னாப்ஷாட்டுகளை நீக்கும் வேலை அங்கேயே ஆரம்பித்துவிடக்கூடும். இடம் குறைவாக இருந்தால் டெஸ்க்டாப்புக்குப் பதிலாக ஒரு வெளித்தட்டுக்குப் பிரதியெடுங்கள். பழைய இடத்திலேயே நேராகப் போடாமல் வேறிடத்தில் போட்டதும் வேண்டுமென்றேதான், ஏனெனில் அழித்த பிறகு அதே பெயரில் புதிதாக ஏதாவது சேமிக்கப்பட்டிருந்தால் அதை மேலெழுதிவிடக் கூடாது.

பிரதி முடிந்ததும், கோப்புறையைத் திறந்து பார்க்கும் ஆவலை அடக்கிக்கொண்டு, முதலில் ஒப்பிட்டோம்.

```
diff -rq '/tmp/snap/Users/office/Documents/kyu; 2025' ~/Desktop/meetpu
```

ஒரு வரியும் வராவிட்டால் இரண்டும் ஒன்றே. ஃபைண்டரில் முன்னதாகவே திறந்திருந்தால் `.DS_Store` என்ற கோப்பு மட்டும் வேறுபடுவதாகச் சொல்லக்கூடும். அது சாளரத்தின் தோற்றத்தை நினைவில் வைக்கும் கோப்பு, பொருட்படுத்த வேண்டாம். இறுதியாக ஸ்னாப்ஷாட்டைக் கழற்றிவிட்டோம்.

```
sudo umount /tmp/snap
```

எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். ஆனால் 1.41க்கும் 2.20க்கும் இடையில் செய்த வேலை இதில் வரவில்லை, வரவும் முடியாது. அந்த முப்பத்தொன்பது நிமிடங்களில் இரண்டு வாழ்த்துரைப் பக்கங்கள் திருத்தப்பட்டிருந்தன. நல்லவேளையாக 2.10க்கு அவற்றின் பீடிஎஃப் சபையாருக்கு வாட்ஸ்அப்பில் போயிருந்தது. அதைப் பார்த்து மறுபடி தட்டெழுதினார்கள்.

மவுண்ட் செய்யும்போது `Operation not permitted` என்று வருகிறது. கடவுச்சொல் சரிதான்.

கடவுச்சொல் பிரச்சினை இல்லை, தனியுரிமை அனுமதி. `System Settings` திறந்து `Privacy & Security` என்பதற்குள் `Full Disk Access` என்ற பட்டியலில் டெர்மினலைச் சேர்த்து இயக்குங்கள். டெர்மினலை முழுவதுமாக மூடித் திரும்பத் திறந்த பின்னரே அனுமதி செல்லுபடியாகும். வேலை முடிந்ததும் அந்த அனுமதியை எடுத்துவிடுவது நல்லது. அத்தகைய கோப்பே இல்லை என்ற செய்தி வந்தால், பெரும்பாலும் ஸ்னாப்ஷாட்டின் பெயரில் ஓரெழுத்து விடுபட்டிருக்கும். பட்டியலிலிருந்து அப்படியே பிரதியெடுத்து ஒட்டுங்கள்.

ஸ்னாப்ஷாட் இருக்கிறது, திறக்கிறது, ஆனால் என் கோப்பு மட்டும் அதில் இல்லை. ஏன்?

நான் கண்ட காரணங்கள் பெரும்பாலும் மூன்றில் அடங்கும். கோப்பு இரண்டு ஸ்னாப்ஷாட்டுகளுக்கு நடுவில் பிறந்து நடுவிலேயே அழிந்திருக்கலாம்: 2.50க்குத் தரவிறக்கி 3.30க்கு அழித்த கோப்பு, 2.42இலும் இருக்காது, 3.44இலும் இருக்காது. அதற்கு இந்த வழியில் மருந்தில்லை.

அல்லது கோப்பு நீங்கள் நினைக்கும் இடத்தில் இருந்திருக்கவில்லை. ஸ்னாப்ஷாட்டுக்குள் ஸ்பொட்லைட் தேடலை நம்பாமல், பெயரின் ஒரு பகுதியைக் கொடுத்து இப்படித் தேடுங்கள்.

```
find /tmp/snap/Users/office -iname '*malar*'
```

வெளியே பொருத்திய யூஎஸ்பி தட்டில் இருந்த கோப்பென்றால் இங்கே தேடுவதே வீண், ஏனெனில் உள்தட்டின் ஸ்னாப்ஷாட் உள்தட்டை மட்டுமே அறியும்.

மூன்றாவது காரணம் சற்று நுட்பமானது. ஐகிளவுட் டிரைவில் `Optimise Mac Storage` இயங்கிக்கொண்டிருந்தால், நீண்ட நாள் தொடாத கோப்புகளின் பெயர் மட்டும் கணினியில் இருக்கும், உள்ளடக்கம் ஐகிளவுட்டில் இருக்கும். ஸ்னாப்ஷாட் தட்டில் உண்மையில் இருந்ததை மட்டுமே காக்கும் என்பதால், அங்கே உங்களுக்கு வெறும் பெயரே கிடைக்கும். அதற்கு உலாவியில் `icloud.com` தளத்துக்குப் போய், அழிந்த கோப்புகளை மீட்கும் பகுதியைப் பாருங்கள். அங்கே 30 நாள் வரை இருக்கும்.

நான் அழிக்கவில்லை. பழைய கோப்பின் மேலேயே புதியதைச் சேமித்துவிட்டேன்.

இதுவும் அதே வேலைதான், ஒருவிதத்தில் இதற்கே ஸ்னாப்ஷாட் கூடுதலாகப் பொருந்தும். மேலெழுதும் முன்னர் எடுத்த ஸ்னாப்ஷாட்டை மவுண்ட் செய்து, அந்த ஒரு கோப்பை மட்டும் வேறு பெயரில் பிரதியெடுங்கள். எந்த ஸ்னாப்ஷாட் என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகத் திறந்து `ls -l` கொடுத்துக் கோப்பின் அளவையும் நேரத்தையும் பாருங்கள். அளவு சட்டென்று மாறும் இடத்துக்கு முந்தியதே உங்களுக்கு வேண்டியது. பேஜஸ், நம்பர்ஸ் போன்ற செயலிகளில் `File` மெனுவிலுள்ள `Revert To` என்பதை முதலில் பார்த்துவிடுங்கள், பல வேளைகளில் அங்கேயே பழைய பதிப்பு கிடைத்துவிடும்.

ரிகவரி முறையில் போய் முழுத் தட்டையுமே நேற்றைய நிலைக்குக் கொண்டுபோனால் எளிதல்லவா?

ஒரு கோப்புக்காக அப்படிச் செய்ய வேண்டாம். நேற்றைய நிலைக்குப் போனால் நேற்றுக்குப் பிறகு செய்த எல்லாமும் போய்விடும், அதை நினைவுகூர்வது முழுவதும் முடிந்த பின்னர்தான். தேங்காய்ச் சில்லு ஒன்று விழுந்ததற்காகக் கிணற்றையே இறைப்பது போன்றது அது.

24 மணிநேரம் கடந்துவிட்டது. மீட்பு மென்பொருள் வாங்கினால் வருமா?

முதலில் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெளித்தட்டுக்குக் கடைசியாகப் பேக்கப் எடுத்த நேரத்தின் ஸ்னாப்ஷாட் இன்னும் தங்கியிருக்கலாம், அது ஒரு வாரம் பழையதாகவும் இருக்கலாம். அதுவும் இல்லையென்றால் வெளித்தட்டுத்தான் அடுத்த இடம்.

மென்பொருளைப் பொறுத்தவரை என் கருத்து கடுமையானது. பழைய சுழலும் வன்தட்டில் அழித்த கோப்பின் தரவு மேலெழுதப்படும் வரை கிடந்தது. அந்தக் காலத்தில் அத்தகைய மென்பொருள்களுக்குப் பொருள் இருந்தது. இன்றைய மேக் மடிக்கணினிகளின் எஸ்எஸ்டியில், எந்த ஸ்னாப்ஷாட்டும் பிடித்து வைக்காத துண்டுகளை மேக்ஓஎஸ் "இனித் தேவையில்லை" என்று தட்டுக்கு அறிவித்துவிடுகிறது, தட்டும் அவற்றைத் துடைத்துவிடுகிறது. டி2 சில்லு உள்ளவற்றிலும் ஆப்பிள் சிலிக்கன் கணினிகளிலும் தட்டு முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டும் இருக்கிறது; சில்லைக் கழற்றி வேறிடத்தில் வாசிக்கலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. பம்பலப்பிட்டிப் பக்கம் யாராவது "நிச்சயம் எடுத்துத் தருவோம்" என்று முற்பணம் கேட்டால், எந்த வழியில் எடுக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். ஸ்னாப்ஷாட்டிலிருந்து என்றால் அதை நீங்களே இலவசமாகச் செய்யலாம். தட்டை வருடி என்றால், இந்தக் கணினிகளில் அதற்குப் பணம் கொடுக்க நான் துணியமாட்டேன்.

அப்படியென்றால் ஸ்னாப்ஷாட் இருக்கும்போது வெளித்தட்டு எதற்கு?

ஸ்னாப்ஷாட் இருப்பது அதே தட்டில். கணினி முச்சக்கர வண்டியில் மறந்துபோனாலோ, மேலே தேநீர் கொட்டினாலோ, எஸ்எஸ்டி பழுதானாலோ ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்தே போகும்.

பெரிய துப்புரவு ஒன்று செய்யப்போகிறேன். அதற்கு முன் நானாக ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கலாமா?

தாராளமாக. மணிக்கொருமுறை எடுக்கப்படுவதற்காகக் காத்திருக்காமல் அந்தக் கணமே எடுக்கலாம்.

```
tmutil localsnapshot
```

உடனே திகதியும் நேரமும் கொண்ட ஒரு வரி வரும். அதைக் குறித்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். மேலே சொன்ன மலர் அலுவலகத்தில் இப்போது அழிக்கும் வேலைக்கு முன் இந்தக் கட்டளையைக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. கோப்புறைப் பெயர்கள் மட்டும் இன்னும் பாமினியில்தான் இருக்கின்றன.